கொழுந்தில் தொடங்கிய மூன்று வாரங்கள்: மழலையர் வகுப்புக்கு ஒரு கருப்பொருள் பாடம் அமைத்த அனுபவம்

கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் யு.கே.ஜி. வகுப்பு எடுக்கிறேன். எங்கள் வகுப்பறையின் பின்சுவரைத் தாண்டினால் தேயிலைச் செடிகள்தான். பிள்ளைகளில் சிலர் படுகர் வீடுகளிலிருந்தும், சிலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிலிருந்தும், இன்னும் சிலர் ஜார்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களிலிருந்தும் வருகிறார்கள். வீட்டு மொழி எதுவாக இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்று உண்டு; அது கொழுந்து. ஆகவே மொழி, எண், ஓவியம் மூன்றையும் இணைத்து மூன்று வாரப் பாடம் ஒன்றை அமைக்க வேண்டியிருந்தபோது, நானும் உடன் பணியாற்றும் ஆசிரியையும் அதையே கருப்பொருளாக எடுத்துக்கொண்டோம்.

கருப்பொருள் பாடம் என்ற பெயரில் வழக்கமாக நடப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'பட்டாம்பூச்சி வாரம்' என்று வைத்துக்கொள்வோம். பட்டாம்பூச்சிப் படத்துக்கு வண்ணம் தீட்டுவார்கள், தாளில் அச்சிட்ட ஐந்து பட்டாம்பூச்சிகளை எண்ணுவார்கள், பட்டாம்பூச்சிப் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். அந்த இடத்தில் மீனையோ மாம்பழத்தையோ வைத்தாலும் ஒரு செயல்பாடும் மாறாது. கருப்பொருள் அங்கே வெறும் அலங்காரம். மொழியும் எண்ணும் ஓவியமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நடந்து முடிகின்றன. எனவே நாங்கள் எழுதிய ஒவ்வொரு செயல்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதித்தோம். கொழுந்தை எடுத்துவிட்டு வேறொரு பொருளை வைத்தால் இந்தச் செயல்பாடு அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் அதை நீக்கினோம். முதல் பட்டியலில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விட்டது. போனது நல்லதே என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மீதியை அடுக்கும்போது இன்னொரு விதியைப் பிடித்துக்கொண்டோம். ஒரு வேலையில் பிள்ளை உண்டாக்குவது அடுத்த வேலைக்கு மூலப்பொருளாக வேண்டும். முதல் வாரம் ஓவியமாகச் செய்தது இரண்டாம் வாரம் எண்ணும் அட்டையாகும். அதே அட்டை மூன்றாம் வாரம் வாசிக்கும் பக்கமாகும். பிள்ளை தன் கையால் செய்ததையே எண்ணி, அதைப் பற்றியே பேசி, அதையே வாசிக்கும்போது இணைப்பு என்பது ஆசிரியரின் திட்டக் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும் சொல்லாக நின்றுவிடுவதில்லை.

குறிக்கோள்களைக் குறைவாக வைத்தோம். மொழியில், இலை, மொட்டு, காம்பு, நுனி, கூடை, பறி, கொட்டு போன்ற சொற்களைத் தானாகப் பயன்படுத்தி இரண்டு மூன்று வாக்கியம் பேச வேண்டும். எழுத்துகளில் 'இ', 'ப' இரண்டை மட்டும் அடையாளம் காண வேண்டும். எண்ணில், 10 வரை பொருள்களை ஒன்றுக்கு ஒன்றாக எண்ணி 'மொத்தம் இத்தனை' என்று சொல்ல வேண்டும். 3 என்பது 2-உம் 1-உம் சேர்ந்தது என்பதைக் கையால் உணர வேண்டும். ஓவியத்தில், அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அச்செடுக்கவும் தேய்த்தெடுக்கவும் தெரிய வேண்டும். மூன்று வாரத்துக்கு இதற்கு மேல் வைத்தால் பிள்ளைகள் எதிலும் ஊன்றி நிற்க மாட்டார்கள்.

முதல் நாள் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பு இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொண்டோம். ஒன்று, சமீபத்தில் மருந்து அடிக்காத செடிகள் எவை என்று தோட்டத்துக்காரரிடம் நேரில் கேட்டு, அவர் காட்டிய வரிசையில் மட்டும் பறித்தோம். பறித்ததைத் தண்ணீரில் அலசினோம். வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பாட்டாகவே சொல்லிக் கொடுத்தோம். வகுப்புக்குத் திரும்பியதும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். இரண்டாவது காட்டெருமை. எங்கள் பக்கத்தில் அவை தேயிலைக்குள் நிற்பது அன்றாடக் காட்சி என்பதால், ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே பிள்ளைகளை அழைத்துச் சென்றோம்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான ஒரு பாட்டியை வரவழைத்திருந்தோம். கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே கொழுந்தைப் பிடித்து ஒடித்து, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறியும் முறையை அவர் செய்து காட்டினார். "நகத்தால கிள்ளக் கூடாது கண்ணு, ஒடிக்கணும்" என்றார். உடனே ஒரு பையன், "எங்க அம்மா கத்தரியில வெட்டும் பாட்டி" என்றான். "இப்ப எல்லாரும் அப்படித்தான் சாமி" என்று பாட்டி சிரித்தார். கையால் ஒடிப்பதும் கத்தரியால் வெட்டுவதும் என்று இரண்டு வினைச் சொற்கள் பிள்ளைகளிடமிருந்தே கிடைத்துவிட்டன. அம்மா ஒரு நாளில் எத்தனை கிலோ பறிப்பார் என்ற கேள்வியை மட்டும் நாங்கள் எந்த இடத்திலும் எழுப்பவில்லை. அது அந்த வீட்டின் கூலிக் கணக்கு. வகுப்பில் ஒப்பிடுவதற்கு உரியதன்று.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு கொழுந்தைக் கையில் கொடுத்து, "இதில் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டோம். இரண்டு என்றார்கள் சிலர், மூன்று என்றார்கள் சிலர். மூன்று என்று சொன்ன சிறுமி ஒருத்தியிடம், "மூன்று என்ன பாப்பா?" என்று கேட்டேன். "மூணும் இலைதான் டீச்சர்" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "நடுவுல இருக்கிறது மொட்டு, இலை இல்ல" என்று மறுத்தான். அவள் விடவில்லை, "அது சுருண்டிருக்கு, நாளைக்கு விரிஞ்சா இலைதான்" என்றாள். அவள் சொன்னது சரி. கொழுந்தின் நுனியில் இருப்பது பூமொட்டு அன்று. விரியாத இலையே அது. அவன் எண்ணியதும் சரிதான். எண்ணுவதற்கு முன் எதை எண்ணுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள்ளேயே விவாதித்துவிட்டார்கள். கரும்பலகையில் கொழுந்தை வரைந்து, 'இலை 2, மொட்டு 1, மொத்தம் 3' என்று எழுதினேன். அடுத்த மூன்று வாரமும் நாங்கள் திரும்பத் திரும்ப வந்து நின்ற வரி அது.

எண்ணுவதற்கு முட்டை அட்டையைப் பயன்படுத்தினோம். 30 முட்டை கொள்ளும் அட்டையில் ஒரு பக்கம் 5 குழியும் மறுபக்கம் 6 குழியும் இருக்கும். அதை 5 குழி கொண்ட இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் ஓர் அட்டையிலிருந்து பத்துக் குழித் தட்டுகள் 3 கிடைக்கும், வீணாவதில்லை. முட்டை உடைந்து படிந்த அட்டைகளை எடுக்கக் கூடாது. குழிக்கு ஒரு கொழுந்து, காம்பு கீழே. கொழுந்துகளை மேசையில் பரப்பி எண்ணச் சொன்னால் பிள்ளை ஒன்றை இருமுறை தொடும், ஒன்றைத் தாண்டிப் போகும். குழிக்குள் வைக்கும்போது கைக்கும் வாய்க்கும் பொருத்தம் வந்துவிடுகிறது. மேல் வரிசை நிறைந்தால் 5 என்பதும், அதற்கு மேல் கீழ் வரிசையில் 2 என்றால் 7 என்பதும் சில நாளில் எண்ணாமலே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இதில் நாங்கள் கொழுந்தை மட்டுமே எண்ண வைத்தோம். இலைகளை எண்ண வைக்கவில்லை. ஏழு கொழுந்தில் எத்தனை இலை என்று கேட்க ஆசையாக இருக்கும்; அது இந்த வயதுக்கு உரிய கேள்வி அன்று.

பறித்த கொழுந்து வாடும், ஒடியும். ஒடிந்த துண்டுகளையும் பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். ஈரத் துணியில் சுற்றி வைத்தால் அன்றைய பொழுதுக்குத் தாங்கும். ஓவியத்தையும் எண்ணையும் ஒரே அட்டையில் சேர்ப்பதற்கு எங்களுக்குக் காரணம் கொடுத்ததே இந்த வாட்டம்தான். வாடாத கொழுந்து வேண்டும். அதைப் பிள்ளையே செய்ய வேண்டும்.

அச்செடுக்கும் வேலையில் இலையின் அடிப்பக்கம்தான் பயன்படும். மேற்பக்கம் மெழுகுபோல் வழவழப்பாக இருப்பதால் வண்ணம் ஒட்டாமல் திரண்டுவிடும். அடிப்பக்கத்தில் நரம்பு புடைத்திருக்கும். போஸ்டர் கலரில் தண்ணீர் மிகுந்தால் நரம்புக்கு இடையில் தேங்கி வெறும் பச்சைத் திட்டாகப் படியும். ஆகவே துணியில் பஞ்சு பொதிந்து சிறு பொட்டலமாகக் கட்டி, வண்ணத்தைத் தொட்டு, வேறொரு தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டுப் பிறகு இலையில் ஒற்றச் சொன்னோம். அட்டையின் மேல் இலையைக் கவிழ்த்து, அதன் மேல் பழைய செய்தித்தாளை வைத்து, உள்ளங்கையால் பத்து எண்ணும் வரை அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் அச்சு கலையும். மொட்டு மெல்லியது, சரியாகப் பதியாது. அதற்குப் பதிலாகச் சுண்டு விரல் நுனியை வண்ணத்தில் தொட்டு இரண்டு இலைக்கும் நடுவே ஒருமுறை வைக்கச் சொன்னோம். இப்படி ஒவ்வொரு பிள்ளையும் ஓர் இலை, இன்னோர் இலை, ஒரு மொட்டு என்று தன் கொழுந்தைத் தானே கூட்டி முடித்தது. 2-உம் 1-உம் 3 என்பது அங்கே கையின் வேலையாகவே நடந்தது.

அது நவம்பர் மாதம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் காலம். மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும். சமவெளியில் அரை மணி நேரத்தில் காயும் வண்ணம் இங்கே மறுநாள் காலையிலும் பிசுபிசுக்கும், தாள் சுருளும், மைதாப் பசை பூசணம் பிடிக்கும். மலையில் வகுப்பெடுப்பவர்கள் ஓவியப் பகுதியைத் திட்டமிடும்போது இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் வெயில் தெரியும் நாளுக்கு அச்சு, மழை நாளுக்குத் தேய்த்தெடுத்தல் என்று இரண்டு திட்டங்களைத் தயாராக வைத்திருந்தோம். தேய்த்தெடுப்பதற்குக் கொழுந்து உதவாது, நசுங்கிவிடும். முற்றிய இலைதான் வேண்டும். அதன் அடிப்பக்கத்தை மேலே வைத்து, மெல்லிய தாளால் மூடி, மெழுகுக் கிரையானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் ரம்பப் பல் போன்ற விளிம்பும் நரம்பும் தெரியும். எந்த இலையில் படம் தெளிவாக வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டோம். இளசு, முற்றல் என்ற இரண்டு சொல்லும், இலைகளை இரண்டு கூடையாகப் பிரிக்கும் வகைப்படுத்தலும் அதிலிருந்து வந்தன. குளிரில் கிரையான் இறுகி மங்கலாகத்தான் எழுதும். தேய்ப்பதற்கு முன் உள்ளங்கைக்குள் சிறிது நேரம் மூடி வைத்தால் இளகும். குளிர்ந்த சிறு விரல்களுக்கு முதலில் கைதட்டல் விளையாட்டு ஒன்றை வைத்துவிட்டுக் கிரையானைக் கொடுப்பது நல்லது.

அந்தக் கைதட்டல் விளையாட்டையும் பாடத்துக்குள் கொண்டுவந்தோம். சொல்லைச் சொல்லி அசைக்கு ஒரு தட்டு. இ-லை என்றால் இரண்டு, கூ-டை என்றால் இரண்டு, கொ-ழுந்-து என்றால் மூன்று. எத்தனை தட்டோ அத்தனை குழியில் புளியங்கொட்டை வைக்க வேண்டும். காதில் விழும் ஒலியைப் பிரிப்பதும் எண்ணுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. மொட்டு என்பதில் எழுத்து மூன்று, தட்டு இரண்டே. எழுத்தை எண்ணி மூன்று தட்டச் சொன்னால், சரியாகக் கேட்கும் பிள்ளைதான் குழம்பும். இந்தக் கட்டத்தில் காது சொல்வதையே பின்பற்ற வேண்டும். எழுத்தைப் பொறுத்தவரை, இலைக்கு 'இ', பறி, பச்சை, பை மூன்றுக்கும் 'ப' என்ற அளவில் நிறுத்தினோம். பை என்பதில் கண்ணுக்குத் தெரிவது ஐகாரக் குறியோடு கூடிய எழுத்து என்பதால், அதை ஒலி விளையாட்டில் மட்டும் வைத்துக்கொண்டு எழுத்து அட்டையில் சேர்க்கவில்லை.

இரண்டாம் வாரம் அச்சு அட்டைகள் எண் அட்டைகளாயின. இருவர் சேர்ந்து ஆடும் மறைத்தல் விளையாட்டு ஒன்று பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒருவர் தன் அட்டையில் ஒரு பகுதியை உள்ளங்கையால் மூடி, "மறைஞ்சது எத்தனை?" என்று கேட்க வேண்டும். இரண்டு இலை தெரிந்தால் மறைந்தது 1. மொட்டு மட்டும் தெரிந்தால் மறைந்தது 2. மூன்று என்ற முழுமையை மனத்தில் வைத்துக்கொண்டு பகுதியைச் சொல்லும் இந்தத் திறன்தான் பின்னால் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் அடித்தளமாகிறது. மூன்றில் கை தேறிய பிள்ளைகளுக்கு, சில்வர் ஓக் இலை அச்சு இரண்டைச் சேர்த்து ஐந்து உள்ள அட்டை கொடுத்தோம். மற்றவர்கள் மூன்றிலேயே இருந்தார்கள். எல்லாரும் ஒரே நாளில் ஐந்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

அதே வாரம் தேயிலைத் தூளால் வண்ணம் தீட்டினோம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டித் தூளைப் போட்டுப் பாதியாகச் சுண்டும் வரை நாங்கள் கொதிக்க வைத்து, ஆறவைத்து வடிகட்டிக் கொடுத்தோம். ஒரு தாளில் மூன்று கட்டங்கள். முதல் நாள் மூன்றுக்கும் ஒரு பூச்சு. மறுநாள் இரண்டுக்கு மட்டும். மூன்றாம் நாள் ஒன்றுக்கு மட்டும். இப்படி ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு வாங்கிய கட்டங்கள் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக நிற்கும். நாளுக்கு ஒரு பூச்சு என்பதால் எங்கள் ஊர் ஈரத்திலும் தாள் காய்வதற்கு ஓர் இரவு முழுவதும் கிடைத்தது. கட்டங்களை வெட்டிக் கலைத்துப்போட்டு, எது எத்தனை பூச்சு என்று கேட்டால், பிள்ளை நிறத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லும்.

எண்ணத் தெரிந்துவிட்டதா என்பதைக் கண்டறிவதில் ஆசிரியர்கள் பலர் ஏமாறுவது 'ஒன்று முதல் இருபது வரை சொல்லு' என்ற கேள்வியில்தான். எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து நெறிகளை ரோஷெல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் ஆகிய ஆய்வாளர்கள் 1978-ல் வகுத்துச் சொன்னார்கள். பொருளுக்கு ஓர் எண், மாறாத எண் வரிசை, கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம், எதையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்பவை அவை. எங்கள் வகுப்பில் பெரும்பாலும் தடுக்கி நின்ற இடம் மூன்றாவது நெறி. ஆறு கொழுந்தைச் சரியாக எண்ணி முடித்த பிள்ளையிடம் "எத்தனை?" என்று கேட்டால், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசி எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். இதைவிடத் தெளிவான சோதனை, "கூடையிலிருந்து நான்கு கொழுந்து எடுத்துக்கொண்டு வா" என்று கேட்பது. இருபது வரை ஒப்பிக்கும் பிள்ளை கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அப்படி வரும் பிள்ளையைத் திருத்தாமல், பத்துக் குழித் தட்டைக் கொடுத்து, "நான்கு குழி நிறைந்ததும் நிறுத்து" என்றோம். நிறுத்துவதுதான் அங்கே கற்க வேண்டியது. நாளுக்கு நான்கைந்து பிள்ளைகளை மட்டும் இப்படிக் கவனித்து, ஒரு வரியில் குறித்துவைத்தோம். ஒரே நாளில் வகுப்பு முழுவதையும் சோதிக்க முயன்றால் கவனிப்பு என்பது தேர்வாக மாறிவிடும்.

மூன்றாம் வாரம் அட்டைகளின் கீழே பிள்ளைகள் சொன்னதை நாங்கள் எழுதினோம். "எங்க அம்மா மழையில கொழுந்து பறிக்கும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அப்படியே எழுதி, விரலை ஓட்டி அப்படியே வாசித்துக் காட்டினோம். தான் பேசியதே தாளில் இருக்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும். அதை ஏட்டுத் தமிழாகத் திருத்தி எழுதினால் தன் வாக்கியம் எங்கே போயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்லிய வகுப்புப் புத்தகம் ஒன்றை மட்டும் எழுத்து வழக்கில் அமைத்தோம். 'ஒரு கூடை. கூடையில் நான்கு கொழுந்து.' என்பது போன்ற சிறு வரிகளும், பக்கத்தில் அந்த எண்ணிக்கைக்கு அட்டைகளும். தமிழ் இன்னும் பழகாத பிள்ளைகள் முதலில் தங்கள் வீட்டு மொழியில் சொன்னார்கள். அண்ணனோ அக்காவோ பள்ளியில் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டுத் தமிழில் கேட்டுக்கொண்டு எழுதினோம். அந்தப் பிள்ளைகள் எண் விளையாட்டில் முன்னணியில் இருந்ததால், பேசத் தயங்கியவர்களாக அவர்களை மற்றவர்கள் பார்க்கவில்லை. மூன்று துறையும் ஒரே பொருளைச் சுற்றி வரும்போது கிடைக்கும் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம். ஒன்றில் தயங்கும் பிள்ளை இன்னொன்றின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

கொடைக்கானல் மேல்மலையில் பணிபுரியும் தோழி ஒருவர் இதே அமைப்பை மலைப்பூண்டுக்குப் பொருத்திப் பார்க்கக் கேட்டார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. அங்குள்ள பிள்ளைகளுக்கு வீட்டுப் பொருள். இருவரும் உட்கார்ந்து பார்த்தபோது, சில பகுதிகள் மாறின. கொழுந்தில் எப்போதும் 2-உம் 1-உம்தான். பூண்டில் பல்லின் எண்ணிக்கை ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே மறைத்தல் விளையாட்டுக்கு முன், உரிக்காமல் தடவிப் பார்த்து எத்தனை பல் இருக்கும் என்று ஊகித்து, உரித்து எண்ணிச் சரிபார்க்கும் வேலையை வைத்தோம். அச்சுக்குப் பூண்டைக் குறுக்காக வெட்டினால் பற்கள் பூவிதழ்போல் பதியும். வெட்டுவது ஆசிரியரின் வேலை. வெட்டியதைச் சிறிது நேரம் துணியில் ஒற்றி வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் எரியும், மென்மையான தோலில் வெகுநேரம் பட்டாலும் எரிச்சல் வரும். அச்சு எடுக்கும் வேலையை ஐந்து நிமிடத்துக்குள் முடித்து உடனே கை கழுவ வைக்க வேண்டும் என்று அவருடைய திட்டத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.